இலை விழுந்த பிறகு கார்பன் எங்கே போகிறது?

*கேள்வி: தாவரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது, பிறகு அது மட்கும்போது அதே கார்பன் காற்றுக்கே திரும்பிவிடுகிறது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் மண்ணில் கார்பன் சேர்வது எப்படி? நாமும் மாடும் மூச்சு விடுவதால் காற்றில் கார்பன் கூடாதா? பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி விளக்குங்கள்.*

மண்ணில் கார்பன் தங்கிக் கிடப்பதற்குக் காரணம், இலையாக உள்ளே போன கார்பன் முழுவதும் ஒரே வேகத்தில் வெளியே வருவதில்லை என்பதுதான். பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. சிறுபகுதி பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூடத் தங்குகிறது. மூச்சைப் பொறுத்தவரை, நாம் விடும் கார்பன் சில மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு பயிர் காற்றிலிருந்து எடுத்த அதே கார்பன்தான். அதனால் மூச்சு விடுவது மட்டும் காற்றின் கணக்கைக் கூட்டுவதில்லை.

பாடப்புத்தகப் படத்தில் எல்லா அம்புக்குறிகளும் ஒரே தடிமனில் இருக்கும். காற்றிலிருந்து செடிக்கு ஓர் அம்பு, செடியிலிருந்து மாட்டுக்கு ஓர் அம்பு, மாட்டிலிருந்து மண்ணுக்கு ஓர் அம்பு. எந்த அம்பில் எவ்வளவு போகிறது, போன இடத்தில் எவ்வளவு நாள் தங்குகிறது என்ற இரண்டும் படத்தில் இருக்காது. உங்கள் குழப்பம் பிறப்பது அங்கேதான்.

முதலில் இலை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகவும் சொற்பம். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 420 பங்குதான். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் கார்பனை மட்டும் தனியே எடுத்து நிறுத்தால் ஏறத்தாழ 0.2 கிராம் வரும். காய்ந்த மரக்கட்டையின் எடையில் பாதி கார்பன். ஆக, ஒரு கிலோ கட்டையை உருவாக்க மரத்துக்கு 500 கிராம் கார்பன் வேண்டும். அதற்கு சுமார் 2,400 கன மீட்டர் காற்றிலுள்ள கார்பன் முழுவதும் தேவை. இருபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், ஆறு மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் அடங்கும் அத்தனை காற்றின் கார்பனும் ஒரு கிலோ கட்டைக்குள் போகிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பது இதற்காகத்தான்.

மரத்தின் உடல் காற்றிலிருந்து வருகிறது என்பதை மனிதர்கள் எளிதில் நம்பவில்லை. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்பவர், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ். அந்தக் குறிப்பு அவர் இறந்த பிறகு 1648இல் அச்சேறியது. மரம் மண்ணைத் தின்னவில்லை என்று சரியாகக் கண்டார். ஆனால் அது முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். வேடிக்கை என்னவென்றால், 'வாயு' என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவர்தான். கரியை எரித்தால் ஒருவகை வாயு வெளிவருவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த வாயுவே தம் மரத்துக்குள் போய்க் கட்டையானது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இன்றும் 'மரம் வேர் வழியாக மண்ணிலிருந்து கார்பனை எடுக்கிறது' என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் உண்டு. வேர் எடுப்பது தண்ணீரையும் தாது உப்புகளையும். மரத்தின் கார்பன் இலை வழியாகத்தான் வருகிறது.

உள்ளே வந்த கார்பனில் பாதியைச் செடியே செலவழித்துவிடுகிறது. இதை மாணவர்கள் அடிக்கடி மறந்துபோகிறார்கள். செடியும் சுவாசிக்கிறது, பகலிலும் சுவாசிக்கிறது, இரவிலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். உலகத்து நிலத் தாவரங்கள் ஓர் ஆண்டில் காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் சுமார் 12,000 கோடி டன் என்று வைத்துக்கொண்டால், அதில் கிட்டத்தட்ட 6,000 கோடி டன் செடிகளின் சொந்தச் சுவாசத்திலேயே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. மீதிப் பாதிதான் இலை, தண்டு, வேர், விதை என்று உடலாகிறது. விலங்குக்கும் மண்ணுக்கும் போகக்கூடியது அந்தப் பாதி மட்டுமே.

விலங்குகளின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. உலகத்திலுள்ள தாவரங்களின் உடலில் ஏறத்தாழ 45,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. எறும்பு முதல் திமிங்கலம் வரை எல்லா விலங்குகளின் உடலையும் சேர்த்தால் சுமார் 200 கோடி டன். புல்லில் பெரும்பகுதி எந்த மாட்டின் வாயிலும் படாமலே காய்ந்து மண்ணில் விழுகிறது. மாடு தின்றதும் வெகுநேரம் அதன் உடலில் நிற்பதில்லை. செரித்ததில் பெரும்பகுதி மூச்சாகப் போகிறது. செரிக்காதது சாணமாக விழுகிறது. ஒரு சிறு பங்கு பாலாகவோ சதையாகவோ மாறுகிறது. இன்னொரு சிறு பங்கு ஏப்பத்தில் மீத்தேனாக வெளியேறுகிறது. அந்த மீத்தேனும் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். ஆனால் அதுவரை அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் மாட்டின் மூச்சைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் அதன் ஏப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். அதில் கார்பனின் எடை 270 கிராம் அளவுதான், மீதி ஆக்சிஜன். (44 கிராம் கார்பன் டை ஆக்சைடில் 12 கிராம்தான் கார்பன். கணக்கில் இவ்விரண்டையும் குழப்பினால் விடை மூன்றரை மடங்குக்கு மேல் பிசகும். செய்திகளிலும் இந்தப் பிசகைப் பார்க்கலாம்.) அந்த 270 கிராமும் சோறாகவோ ரொட்டியாகவோ பாலாகவோ உள்ளே போனது. அதைத் தந்த பயிர் அதே அளவைக் காற்றிலிருந்து முன்பே கழித்துவிட்டது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான்.

இப்போது மண்ணுக்கு வருவோம். கேள்வியின் உயிர்நாடி இதுதான்.

பல ஆண்டுகளாக யாரும் பெருக்காத ஒரு மரத்தடிக்குப் போய், கையால் சருகை அடுக்கடுக்காக விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலைகள், நேற்று விழுந்தவை. அதற்குக் கீழே கறுத்து நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இலைகள். சற்று உற்றுப் பார்த்தால் அவற்றின் மேல் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். இன்னும் கீழே இலையின் சதை போய் நரம்பு மட்டும் வலைபோல நிற்கும். நரம்பில் லிக்னின் என்ற கடினமான பொருள் இருப்பதால் அதைத் தின்ன நுண்ணுயிரிகளுக்கு நாளாகிறது. அதற்கும் அடியில் இலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கறுப்பான, விரலில் உதிரும், மழை வாசம் வீசும் பொடிதான் இருக்கும். அதுவே மட்கு. நாலு விரல் ஆழத்துக்குள் சில ஆண்டுகளின் வரலாறு அடுக்கி வைத்திருக்கிறது.

அந்த அடுக்குகளில் மேலிருந்து கீழே வருகையில் கார்பன் குறைந்துகொண்டே வருகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் இலையைத் தின்று சுவாசிக்கின்றன. மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூடியுள்ள மூன்று கண்ணாடி ஜாடிகளை எடுங்கள். ஒன்றில் ஈரமான தோட்டத்து மண், இன்னொன்றில் அடுப்பில் வறுத்து ஆறவைத்து, பிறகு அதே அளவு நனைத்த மண், மூன்றாவது வெறும் ஜாடி. ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த சுண்ணாம்பு நீர் கொண்ட ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து இறுக மூடுங்கள். ஓரிரு நாளில் முதல் ஜாடியின் சுண்ணாம்பு நீர் நன்றாகப் பால்போல் கலங்கியிருக்கும். வெறும் ஜாடியைத் தவிர்த்துவிடாதீர்கள். ஜாடிக்குள் அடைபட்ட காற்றிலும் சிறிது கார்பன் டை ஆக்சைடு இருப்பதால் சுண்ணாம்பு நீரின் மேல் எப்படியும் ஒரு மெல்லிய ஆடை படியும். ஒப்பிட வெறும் ஜாடி இல்லையென்றால், அந்த ஆடையையும் மண்ணின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வறுத்த மண்ணை நாள்கணக்கில் விட்டாலும் சோதனை கெடும். வெளியிலிருந்து நுண்ணுயிரிகள் புகுந்து அதுவும் சுவாசிக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் எல்லாமே சுவாசித்துப் போய்விடாதா? போகாததற்கு மூன்று காரணங்கள். இலையைத் தின்ற நுண்ணுயிரிகளின் உடலே, அவை செத்த பிறகு, களிமண் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியதை வேறு நுண்ணுயிரிகள் எளிதில் பிய்த்தெடுக்க முடிவதில்லை. முன்பெல்லாம் 'சிதைக்கவே முடியாத கடினமான பொருள்தான் மட்காக நிற்கிறது' என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது களிமண்ணின் பிடிப்புக்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கிறார்கள். மணற்பாங்கான மண்ணில் எவ்வளவு குப்பை போட்டாலும் கார்பன் நிற்பதில்லை என்பதற்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது. இரண்டாவது, மண்கட்டிகளின் உள்ளே சிக்கிய துணுக்குகளை நுண்ணுயிரி எட்ட முடியாது. ஆழமாக உழும்போது கட்டிகள் உடைவதால், ஒளிந்திருந்த கார்பன் வெளிப்பட்டுச் சுவாசத்துக்கு இரையாகிறது. மூன்றாவது, தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் புகாத இடங்களில் சிதைவு மிகவும் மெதுவாக நடக்கிறது. சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிச்சேறு மீட்டர் கணக்கில் படிந்திருப்பது அதனால்தான். அந்த நீரை வடித்துவிட்டால், ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு ஒரு தலைமுறையில் கரையத் தொடங்கும்.

இனி ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலம். மேல் 20 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த மண்ணின் எடை சுமார் 2,600 டன். அதில் கார்பன் ஒரு சதவீதம் என்றால் 26 டன். தானியம் அறுத்த பிறகு 4 டன் உலர்ந்த வைக்கோலை மண்ணிலேயே மடக்கி விடுகிறோம் என்று வையுங்கள். அதில் கார்பன் ஏறத்தாழ 1.8 டன். ஓர் ஆண்டு முடிவில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மூச்சாகப் போய், 0.6 டன் மிஞ்சுகிறது என்று கொள்வோம். அதே ஆண்டில், ஏற்கெனவே மண்ணில் இருக்கும் 26 டன்னிலிருந்தும் இரண்டு சதவீதம், அதாவது 0.52 டன், சிதைந்து போகிறது. வரவு 0.6, செலவு 0.52. நிகர லாபம் 0.08 டன், அதாவது 80 கிலோ. ஒரு சதவீதமாக இருந்த கார்பன் 1.003 சதவீதம் ஆகும். எந்த மண் பரிசோதனைக் கூடத்திலும் இந்த வேறுபாடு தெரியாது. ஒரே வயலில் பத்தடி தள்ளி மண் எடுத்தாலே இதைவிட அதிகமாக மாறும். வைக்கோலை மடக்கிவிட்டு அடுத்த ஆண்டே பரிசோதித்து 'பலனில்லை' என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். ஏழெட்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

இதே கணக்கை நீட்டிப் பாருங்கள். மண்ணில் கார்பன் கூடக் கூட, ஆண்டுச் செலவான இரண்டு சதவீதமும் கூடும். 30 டன்னை எட்டும்போது செலவு 0.6 டன் ஆகி வரவோடு சமமாகிவிடும். அதற்குமேல் ஏறாது. மண் என்பது எவ்வளவு போட்டாலும் கொள்ளும் குதிர் அல்ல. அடியில் ஓட்டை உள்ள குடம். ஊற்றும் வேகத்துக்கு ஏற்ற உயரத்தில் தண்ணீர் நிற்கும். மாறாக வைக்கோலை எரித்துவிட்டு வேரை மட்டும் மண்ணுக்கு விட்டால், மிஞ்சும் வரவு 0.2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், செலவு 0.52. ஆண்டுக்கு 0.32 டன் நட்டம். அந்த நிலம் மெல்ல மெல்ல 10 டன்னை நோக்கி இறங்கும். பாதித் தூரம் இறங்கவே சுமார் 35 ஆண்டுகள் ஆகும். அழிவும் ஆக்கமும் இவ்வளவு மெதுவாக நடப்பதால் உழுபவர் கண்ணுக்கு இரண்டுமே தெரிவதில்லை.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் போக்கை நிஜ நிலத்தில் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஜான் லாஸ் என்பவரும் ஜோசப் கில்பர்ட் என்பவரும் 1843இல் கோதுமைச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. ஒரு பாத்திக்கு அன்றிலிருந்து எந்த உரமும் இல்லை. இன்னொன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். உரமில்லாத பாத்தியின் கார்பன் கிட்டத்தட்டத் தொடக்க நிலையிலேயே கிடக்கிறது. தொழுவுரப் பாத்தியில் அது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் சில பத்தாண்டுகளில் விறுவிறுவென்று ஏறி, பிறகு தளர்ந்து, ஒரு மேல்தளத்தை நெருங்கி நிற்கிறது. ஓட்டைக் குடம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கண்முன் இருக்கிறது.

இதே வரவுசெலவை உலகத்துக்கு விரித்தால், உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை கிடைக்கும். முதல் ஒரு மீட்டர் ஆழ மண்ணில் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் 88,000 கோடி டன் அளவு. ஆண்டுதோறும் மண்ணுக்கு வருவதும் மண்ணின் மூச்சில் போவதும் தலா 6,000 கோடி டன்னை ஒட்டியே இருக்கின்றன. கிட்டத்தட்டச் சமம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வருவது ஆண்டுக்கு 1,000 கோடி டன் அளவுதான். பெரிய எண்களுக்கு நடுவே சின்ன எண். ஆனால் அது ஒரு பக்க வரவு. அதற்கு எதிரே அதே அளவு திரும்பி உள்ளே போகும் அம்பு கிடையாது. அதில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலத் தாவரங்களும் இழுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் தங்குகிறது. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அளவு இன்று 420ஐத் தாண்டியிருக்கிறது.

அந்த வரைகோட்டை ஒருமுறையாவது பாருங்கள். அது நேராக ஏறாமல், ஆண்டுக்கொருமுறை ரம்பப் பல்போல ஏறி இறங்குகிறது. மே மாதத்தில் உச்சம். செப்டம்பர் வாக்கில் தாழ்வு. வடபாதி உலகத்தில் நிலமும் காடும் அதிகம். அங்கே கோடையில் இலைகள் காற்றை உறிஞ்சும்போது கோடு இறங்குகிறது. இலையுதிர்ந்து குளிர்ந்த மாதங்களில் மட்குதலும் சுவாசமும் மேலோங்குவதால் கோடு ஏறுகிறது. ஓர் ஆண்டுக்குள் ஏறி இறங்கும் அளவு சுமார் ஆறு பங்கு. நாம் இதுவரை பேசிய இலையும் மட்கும்தான் அந்தப் பற்கள். பற்களின் அடியில் உள்ள சாய்வுதான் புதைபடிவ எரிபொருள்.

சாய்வுக்குக் காரணம் மட்கல்ல, நிலக்கரிதான் என்று எப்படித் தெரியும் என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். காற்றிலுள்ள கார்பனில் மிகச் சிறு பகுதி கதிரியக்கம் கொண்ட கார்பன்-14. அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். சமீபத்தில் வாழ்ந்த இலையிலும் மாட்டிலும் அது இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்திருந்த நிலக்கரியில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஆகவே காற்றில் சேர்வது மாட்டின் மூச்சாக இருந்தால் கார்பன்-14இன் விகிதம் மாறக்கூடாது. நிலக்கரிப் புகையாக இருந்தால் நீர்த்துப்போக வேண்டும். மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது நீர்த்துக்கொண்டே வந்தது தெரிந்தது. 1950களில் அணுகுண்டுச் சோதனைகள் புதிதாகக் கார்பன்-14ஐக் காற்றில் கொட்டி இந்தக் கணக்கைச் சில காலம் குழப்பிவிட்டன.

தேர்வில் படம் வரையும்போது ஒன்று செய்யுங்கள். பெட்டிகளுக்குள் இருப்பையும், அம்புகளின் மேல் ஆண்டுப் போக்கையும் எழுதுங்கள்; ஒளிச்சேர்க்கை அம்பைத் தடிமனாகவும், விலங்கு அம்பை நூல்போலவும் வரையுங்கள். செடியிலிருந்து காற்றுக்கு நேராகத் திரும்பும் சுவாச அம்பைக் கட்டாயம் போடுங்கள். பெரும்பாலான படங்களில் விடுபடுவது அதுதான். நிலக்கரியிலிருந்து காற்றுக்குப் போகும் அம்புக்கு மட்டும் எதிர் அம்பு வரையாமல் விடுங்கள்.